நூலகத்தில் அடங்காத ஆப்பிள் வாட்ச், பயிற்சிக் கூடத்தில் தொடங்காத பதிவு: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

நூலகத்தின் வாசிப்புக் கூடத்துக்குள் நுழைந்ததும் கைக்கடிகாரம் தானாக அடங்கிவிட வேண்டும். உடற்பயிற்சிக் கூடத்துக்குள் நுழைந்ததும் பயிற்சிப் பதிவு தானாகத் தொடங்க வேண்டும். ஐபோனின் ஷார்ட்கட்ஸ் செயலியில் தானியக்கம் அமைக்கப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் முதலில் முயல்கிறார்கள். முதலாவதை முழுமையாகச் சரிசெய்துவிடலாம். இரண்டாவதைக் கேட்டபடியே பெறுவது கடினம், ஆனால் அதற்கு மிக அருகில் போகலாம். ஐபோனில் ஐஓஎஸ் 17 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருக்கிறது என்று கொண்டே கீழே விளக்கியிருக்கிறேன். திரையில் காணப்படும் பெயர்களை மட்டும் திரையில் உள்ளவாறே ஆங்கிலத்தில் தந்திருக்கிறேன்.

எந்த அறிகுறியை ஆராய்வதற்கு முன்னும் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இந்தத் தானியக்கங்கள் கடிகாரத்தில் ஓடுவதில்லை. கடிகாரத்தில் உள்ள ஷார்ட்கட்ஸ் செயலியில் ஒரு ஷார்ட்கட்டைத் தொட்டு ஓட்டலாமே தவிர, இடத்தை உணர்ந்து தானாக ஓடும் தானியக்கத்தை அங்கே அமைக்க முடியாது. இடத்தை உணர்வதும், வேலையைத் தொடங்குவதும் பையிலோ சட்டைப்பையிலோ இருக்கும் போன்தான். அதன் முடிவு கடிகாரத்துக்கு எட்டுகிறதா என்பது மூன்றாவது கட்டம். ஆகவே போனை வீட்டில் வைத்துவிட்டுக் கடிகாரத்தோடு மட்டும் நடைக்குப் போகிறவருக்கு, அவருடைய கடிகாரத்தில் தனி சிம் இணைப்பு இருந்தாலும், இடம் சார்ந்த தானியக்கம் ஓடாது. உணர்தல், ஓடுதல், எட்டுதல் என்ற இந்த மூன்றில் எது அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.

முதலில் செய்யவேண்டிய சோதனை

ஷார்ட்கட்ஸ் செயலியின் Automation பக்கத்தில் உங்கள் தானியக்கத்தைத் திறந்து, செயல்கள் வரிசையாக இருக்கும் திரைக்குச் சென்று, கீழே உள்ள முக்கோண ஓட்டுப் பொத்தானை அழுத்துங்கள். அப்போது கடிகாரம் எதிர்பார்த்தபடி நடந்துகொண்டால், செயலிலும் அது கடிகாரத்தை எட்டுவதிலும் குறையில்லை. குறை இடத்தை உணர்வதில் இருக்கிறது. கையால் ஓட்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால், நாள் முழுவதும் நூலகத்துக்கும் வீட்டுக்கும் நடந்து சோதிப்பதில் பயனில்லை. செயலைத்தான் பார்க்க வேண்டும்.

கூடவே, செயல்களின் வரிசையில் முதல் செயலாக Show Notification என்பதைச் சேர்த்து, அதில் “நூலகம் வந்தது” என்பது போன்ற ஒரு வரியை எழுதிவையுங்கள். அது வந்தால் போன் இடத்தை உணர்ந்துவிட்டது என்று பொருள். இந்தச் சோதனை அறிவிப்பை எப்போதும் முதலிடத்தில்தான் வைக்க வேண்டும். அமைதி நிலையை இயக்கும் செயலுக்குப் பின்னால் வைத்தால், சற்று முன் இயங்கிய அந்த அமைதி நிலையே இந்த அறிவிப்பையும் அடக்கிவிடும். தானியக்கம் சரியாக ஓடியிருந்தும், ஓடவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். நானே ஒரு மாலை முழுவதையும் இப்படி வீணாக்கியிருக்கிறேன். அறிவிப்பு மையத்தை இழுத்துப் பார்த்தபோதுதான், அடங்கிப்போன அறிவிப்புகள் ஏழு வரிசையாக அங்கே கிடந்தன.

அறிகுறி: இடத்துக்கு வந்து சேர்ந்தும் எதுவும் நடக்கவில்லை

முதலில் போனின் பூட்டுத் திரையைப் பாருங்கள். தானியக்கத்தை ஓட்டலாமா என்று கேட்கும் ஓர் அறிவிப்பு அங்கே காத்திருந்தால், போன் தன் கடமையைச் செய்துவிட்டது. உங்கள் அனுமதிக்காகத்தான் நிற்கிறது. தானியக்கத்தைத் திறந்து, Run After Confirmation என்று இருப்பதை Run Immediately என்று மாற்றினால் போதும். பழைய பதிப்புகளில் இடம் சார்ந்த தானியக்கங்கள் ஒவ்வொரு முறையும் இப்படி அனுமதி கேட்டே ஓடின. அக்காலத்து இணையக் குறிப்புகளைப் பார்த்து அமைத்தவர்களிடம் இந்தக் குறை இன்றும் அதிகம் காணப்படுகிறது. Run Immediately என்பதற்கு அருகிலேயே இருக்கும் Notify When Run என்பதைச் சோதனைக் காலம் முடியும் வரை அணைக்க வேண்டாம்.

கேள்வியே வராமல் இருந்தால், அமைக்கும்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். போன் ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் ஒன்றை வரைந்து வைத்துக்கொள்கிறது. வட்டத்தின் கோட்டை வெளியிலிருந்து உள்ளே கடக்கும்போதுதான் “வந்துவிட்டார்” என்று கணக்கிடுகிறது. நூலக நாற்காலியில் உட்கார்ந்தபடியே நூலகத்துக்கான தானியக்கத்தை அமைத்தால், நீங்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறீர்கள்; கடக்கக் கோடு இல்லை. ஒரு முறை நன்றாக வெளியே போய்த் திரும்ப வந்தால்தான் அது வேலை செய்யும். கட்டட வாசல் வரை போய் வருவது இதற்குப் போதாது.

அடுத்து, தானியக்கத்தின் இடத் திரையில் நேர வரம்பு எதுவும் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். காலை 9 முதல் 11 வரை என்று வரம்பிட்டுவிட்டு 11.10-க்குப் போய்ச் சேர்ந்தால், அந்த நாள் முழுவதும் அது ஓடாது. இதைக் கேட்கும்போது அற்பமாகத் தோன்றும். ஆனால் “சில நாட்களில் மட்டும் ஓடுகிறது” என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பிறகு இட அனுமதி. Settings திரையில் Privacy & Security, அதனுள் Location Services, அதனுள் Shortcuts என்று செல்லுங்கள். அங்கே Never என்று இருக்கக் கூடாது. Precise Location இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். துல்லிய இடம் அணைக்கப்பட்டிருந்தால், போன் உங்கள் இருப்பிடத்தைச் சில கிலோமீட்டர் பரப்பாக மழுங்கடித்தே செயலிக்குச் சொல்லும். அந்த மழுக்கலில் நூறு மீட்டர் வட்டத்துக்கு மதிப்பே இல்லை.

இன்னொரு காரணம் எளிதில் கண்ணில் படாதது. பையில் கிடக்கும் போன், மின்கலத்தைக் காப்பதற்காக, செயற்கைக்கோள் வழியே ஓயாமல் இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அருகிலுள்ள செல் கோபுரங்களையும் வைஃபை அலைகளையும் கொண்டு இடத்தை மதிப்பிடுகிறது. Settings திரைக்குள் போய் வைஃபையை முழுவதும் அணைத்து வைத்திருப்பவரின் போனுக்கு இந்த மதிப்பீடு தடுமாறும். வந்து சேர்ந்ததை மிகத் தாமதமாக அறியும் அல்லது அறியாமலே போகும். கட்டுப்பாட்டு மையத்தில் தொட்டு அணைப்பது வேறு: அது இருக்கும் இணைப்பைத் துண்டிக்குமே தவிர, இடத்தை மதிப்பிடும் வேலைக்கு வைஃபை தொடர்ந்து கிடைக்கும், மறுநாள் காலை 5 மணிக்கோ, வேறிடத்துக்குப் போனாலோ இணைப்பும் தானாகத் திரும்பிவிடும். ஆகவே அணைக்க நேர்ந்தால் கட்டுப்பாட்டு மையத்திலேயே அணையுங்கள்.

சோதனை அறிவிப்பு வந்துவிட்டது, ஆனால் அதற்கு அடுத்த செயல்கள் நடக்கவில்லை என்றால், நடுவில் எங்கேனும் Open App என்ற செயல் இருக்கிறதா என்று தேடுங்கள். பூட்டிய போனில் செயலியைத் திறக்க முடியாது. அந்த இடத்திலேயே ஓட்டம் நின்றுவிடும். கையில் போனைத் திறந்து வைத்துக்கொண்டு சோதிக்கும்போது எல்லாம் சரியாக ஓடும். பையில் பூட்டிக் கிடக்கும்போது ஓடாது. எனவே எந்தச் சோதனையின் கடைசிச் சுற்றையும் போனைப் பூட்டி வைத்தே செய்ய வேண்டும்.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் தவறான இடத்திலோ தாமதமாகவோ ஓடுகிறது

வட்டத்தின் ஆரத்தை ஏறத்தாழ 100 மீட்டருக்குக் கீழே குறைக்க முடியாது. ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியை மட்டுமோ, ஒரு கூடத்தை மட்டுமோ குறிக்க இந்த வழியில் இடமில்லை. எதிரில் இருக்கும் பேருந்து நிறுத்தமும் தேநீர்க் கடையும் அதே வட்டத்துக்குள்தான் வரும். கோட்டைத் தொட்ட நொடியில் போன் அறிவிப்பதும் இல்லை. ஆப்பிள் தன் மென்பொருள் உருவாக்குநர்களுக்குத் தரும் விளக்கத்தின்படி, கோட்டைக் கடந்து, அதிலிருந்து சற்று விலகி, அந்தப் பக்கத்திலேயே குறைந்தது 20 நொடி இருந்த பிறகே கடந்ததாகக் கணக்கிடப்படுகிறது. கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருப்பவருக்கு “வந்தார், போனார்” என்று மாறிமாறி ஓடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

எனவே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் தாமதம் ஆவதைப் பிழையாகக் கொள்ள வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடங்கியிருக்க வேண்டும் என்றால், வட்டத்தைச் சற்றுப் பெரிதாக்கி, தெருமுனையிலேயே கோட்டைக் கடக்கும்படி செய்யுங்கள். 100 மீட்டர் வட்டத்தை 200 ஆக்கினால், நடந்து வருகிறவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் முன்கூட்டியே கிடைக்கும். அதற்கு நேர்மாறாக, பேருந்தில் அந்தத் தெருவைக் கடந்து போகும்போதெல்லாம் கடிகாரம் அடங்கிப்போகிறது என்பது குறையானால், இடத்தைக் கைவிட்டு அங்குள்ள வைஃபை இணைப்பைத் தூண்டலாக, அதாவது தானியக்கத்தைத் தொடங்கிவைக்கும் நிகழ்வாக, வைப்பது மேல். ஒரு வைஃபையில் போன் தானாக இணைவது என்பது, பெரும்பாலும் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள் என்பதற்கு வட்டத்தைவிட நல்ல சான்று. அந்தக் கட்டடத்தில் ஒரே வைஃபை இரண்டு பெயர்களில் இருந்தால் இரண்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அறிகுறி: போன் அடங்கிவிட்டது, கடிகாரம் மட்டும் அதிர்கிறது

அதிகமானோர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் உண்டு. ஆனால் அதிர்வு எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே காரணத்தைப் பிரித்துவிடலாம்.

எல்லா அறிவிப்புகளும் ஒன்று விடாமல் கடிகாரத்தில் வந்தால், அமைதி நிலை கடிகாரத்தை எட்டவே இல்லை. முதலில் உங்கள் தானியக்கத்தில் உள்ள செயல் எது என்று பாருங்கள். பலர் Set Volume என்பதை வைத்து ஒலியளவைச் சுழியாக்கியிருப்பார்கள். அது போனின் ஒலியளவைக் குறைக்கும் செயல். கடிகாரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. போனின் பக்கவாட்டில் உள்ள ஒலியடக்கப் பொத்தானும் அப்படித்தான். அது மட்டுமின்றி, கடிகாரத்திலேயே சைலன்ட் நிலையை இயக்கினாலும் ஒலிதான் நிற்கும், மணிக்கட்டில் அதிர்வு தொடரும். அதிர்வும் நிற்க வேண்டும் என்றால் நமக்குத் தேவை ஃபோகஸ் எனப்படும் அமைதி நிலைகளில் ஒன்று. தானியக்கத்தில் Set Focus என்ற செயலை வைத்து, அதில் Do Not Disturb என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

செயல் சரியாகவே இருக்கிறது என்றால், கடிகாரத்தில் Settings, அதனுள் Focus என்று சென்று Mirror my iPhone என்பது இயங்குகிறதா என்று பாருங்கள். போனில் இயங்கும் ஃபோகஸ் கடிகாரத்திலும் இயங்குவது இந்த ஒரு பொத்தானைப் பொறுத்தது. போனில் Share Across Devices என்று இன்னொரு பொத்தான் இருக்கிறது. அது அதே கணக்கில் உள்ள ஐபேட், மேக் போன்றவற்றுக்கானது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, பின்னதை மட்டும் இயக்கிவிட்டு முன்னதை மறந்தவர்கள் உண்டு.

பொத்தானும் சரி என்றால் இணைப்பைப் பாருங்கள். கடிகாரத்தின் கட்டுப்பாட்டு மையத்தில் பச்சை நிறப் போன் சின்னம் தெரிந்தால் போனோடு இணைந்திருக்கிறது. சிவப்பில் தெரிந்தால் இணைப்பு அறுந்திருக்கிறது. போனைப் பொருள் வைப்பறையில் பூட்டிவிட்டு இரண்டு சுவர் தாண்டி வந்து உட்காரும் நூலகங்களில் இது நடக்கும். அங்கே வாசலிலேயே, போன் அருகில் இருக்கும்போதே, தானியக்கம் ஓடி முடிந்திருக்க வேண்டும். வட்டத்தைப் பெரிதாக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அமைதி நிலை எட்டியிருக்கிறதா என்பதைக் கடிகார முகப்பின் மேற்பகுதியைப் பார்த்தே சொல்லிவிடலாம்: Do Not Disturb இயங்கினால் அங்கே ஒரு பிறைநிலவு தெரியும்.

பிறை தெரிகிறது, ஆனாலும் எப்போதாவது ஒன்று மட்டும் அதிர்கிறது என்றால், அது பிழையன்று, விதிவிலக்கு. ஃபோகஸ் அமைப்புகளில் Allow Repeated Calls இயங்கிக்கொண்டிருந்தால், ஒரே எண்ணிலிருந்து 3 நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு அமைதியைத் தாண்டி வரும். முதல் அழைப்பை எடுக்கவில்லை என்றால் உடனே மறுபடி அழைக்கும் பழக்கமுள்ள உறவினர் ஒருவராவது எல்லோருக்கும் இருப்பதால், இது அடிக்கடி நடக்கிறது. Time Sensitive Notifications அனுமதிக்கப்பட்டிருந்தால், அவசரம் என்று தம்மைக் குறித்துக்கொள்ளும் செயலிகளின் அறிவிப்புகளும் வரும். தொடர்புப் பட்டியலில் ஒருவரது ரிங்டோன் திரையில் Emergency Bypass இயக்கப்பட்டிருந்தால், எந்த அமைதி நிலையும் அவருக்குத் தடையாகாது. நீங்களே வைத்த அலாரமும் டைமரும் எந்த ஃபோகஸுக்கும் அடங்காது. மதியம் 2 மணி மாத்திரைக்கு அலாரம் வைத்திருப்பவர், அது வாசிப்புக் கூடத்தில் மணிக்கட்டில் ஒலிக்காமல் இருக்க, கடிகாரத்தின் சைலன்ட் நிலையையும் ஒரு முறை இயக்கி அப்படியே விட்டுவிடலாம். அலாரம் அப்போது அதிர்வாக மட்டும் வரும். சைலன்ட் நிலையில் இருந்தாலும், சார்ஜில் வைத்த கடிகாரத்தில் அலாரம் ஒலிக்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: வெளியே வந்த பின்னும் கடிகாரம் அடங்கியே இருக்கிறது

மாலையில் வீட்டுக்குப் போய், தவறிய அழைப்புகள் ஒன்பது என்று பார்க்கும்போதுதான் இது தெரியவரும். தானியக்கத்தில் உள்ள செயலின் வரி இப்படி இருக்கிறதா என்று பாருங்கள்:

```
Turn Do Not Disturb On until Turned Off
```

இதன்படி யாராவது அணைக்கும் வரை அமைதி நீடிக்கும். வந்ததற்கு ஒரு தானியக்கம் அமைத்தவர், போவதற்கும் ஒன்று அமைக்க மறந்திருப்பார். இன்னொன்றை அமைப்பதைவிட, இந்த வரியின் கடைசிச் சொற்களைத் தொட்டு மாற்றுவது எளிது:

```
Turn Do Not Disturb On until I Leave
```

இப்படி மாற்றினால் அந்த இடத்தை விட்டு விலகியதும் அமைதி தானாகவே நீங்கும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. இந்தச் செயல் ஓடும் கணத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ, அதுவே “விலக வேண்டிய இடம்”. முன்பு சொன்னபடி வட்டத்தை மிகப் பெரிதாக, 500 மீட்டர் என்று வைத்திருந்தால், தெருவின் தொலைவிலேயே செயல் ஓடிவிடும். அங்கிருந்து நூலகத்துக்கு நடந்து போவதையே “விலகிவிட்டார்” என்று போன் எடுத்துக்கொள்ளலாம். கடிகாரம் அடங்கி, நூலக வாசலில் மறுபடி விழித்துக்கொள்கிறது என்று யாராவது சொன்னால் காரணம் இதுதான். 200 மீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

இடத்தால் அடங்க வேண்டும் என்பது மட்டுமே உங்கள் தேவையானால், ஷார்ட்கட்ஸ் செயலியே தேவையில்லை என்பது என் கருத்து. Settings திரையில் Focus, அதனுள் நீங்கள் விரும்பும் நிலை, அதனுள் Add Schedule, அதனுள் Location என்று சென்று இடத்தைக் குறித்துவிட்டால், வரும்போது இயங்குவதும் போகும்போது அணைவதும் ஒரே அமைப்பில் அடங்கிவிடும். வேறு செயல்களையும் சேர்த்து ஓட்ட வேண்டியவர்களுக்குத்தான் தானியக்கம் தேவைப்படும். ஒரே இடத்துக்கு இரண்டையும் வைக்காதீர்கள். ஒன்று அணைத்ததை மற்றொன்று இயக்கும். எது செய்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

அறிகுறி: பயிற்சிக் கூடத்துக்கு வந்தும் பயிற்சிப் பதிவு தொடங்கவில்லை

இதற்கு என் அண்டைவீட்டு நண்பரின் அனுபவத்தையே எடுத்துக்கொள்கிறேன். அவர் வீட்டிலிருந்து ஏறத்தாழ 70 மீட்டர் தொலைவில், அதே தெருவில், உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. காலை 6 மணிக்கு அங்கே போவார். கூடத்துக்கு வந்ததும் பயிற்சி தொடங்கும்படி ஒரு தானியக்கம் அமைத்திருந்தார். “காலையில் ஒரு நாள்கூடத் தொடங்கியதில்லை, ஆனால் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து வண்டியை நிறுத்தும்போது தானாகக் கிளம்புகிறது, இது என்ன கூத்து?” என்று கேட்டார்.

செயலிக்குள் நுழைவதற்கு முன்பே, ஒரு தாளில் வரைந்து பார்த்தபோது விடை கிடைத்துவிட்டது. கூடத்தை மையமாக வைத்து 100 மீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்தால், 70 மீட்டரில் இருக்கும் அவர் வீடு அந்த வட்டத்துக்குள் விழுகிறது. இரவு முழுவதும் அவர் வட்டத்துக்குள் தூங்குகிறார். காலையில் வட்டத்துக்குள்ளேயே நடந்து கூடத்துக்குப் போகிறார். கடக்கக் கோடு இல்லை. மாலையில் அலுவலகத்திலிருந்து வரும்போதுதான் கோட்டை வெளியிலிருந்து உள்ளே கடக்கிறார். போன் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது. ஆரத்தை இதற்கு மேல் குறைக்க வழியில்லாததால், அவருக்கு இடம் என்ற தூண்டலே உதவாது என்று முடிவுசெய்தோம்.

அடுத்த கேள்வி, வேறு தூண்டல் வைத்தாலும் போனிலிருந்து கடிகாரத்தில் பயிற்சி தொடங்குகிறதா என்பது. இதைக் கண்டறிய எளிய வழி உண்டு. Start Workout என்ற ஒரே செயலை மட்டும் கொண்ட ஒரு ஷார்ட்கட்டை அமைத்து, அதன் விவரத் திரையில் அதைக் கடிகாரத்திலும் காட்டும்படி Show on Apple Watch என்பதை இயக்குங்கள். கடிகாரத்தைக் கட்டி, கடவுக்குறியிட்டுத் திறந்த நிலையில், முதலில் கடிகாரத்திலிருந்து அதைத் தொட்டு ஓட்டுங்கள்; பயிற்சி தொடங்கினால் நிறுத்திவிட்டு, அதையே போனிலிருந்து ஓட்டுங்கள்; பிறகு போனைப் பூட்டி, தானியக்கத்தின் வழியே ஓட்டுங்கள். முதல் முறை தொடங்கி, பின்னிரண்டில் தொடங்கவில்லை என்றால், உங்கள் அமைப்பில் அந்தச் செயல் போனிலிருந்து மணிக்கட்டுக்குத் தாண்டவில்லை. தாண்டவைக்கப் போராடுவதில் நேரத்தைச் செலவிடாமல், வேலையைப் பிரித்துக்கொள்வதே அறிவுடைமை: ஆயத்தம் செய்வது போனின் வேலை, தொடங்கிவைப்பது மணிக்கட்டின் வேலை.

நண்பருக்கு அப்படித்தான் செய்தோம். போனை அருகே கொண்டுபோனாலே அதனால் படிக்க முடிகிற சில்லு பதித்த என்எஃப்சி ஸ்டிக்கர் ஒன்றை அவருடைய பயிற்சிப் பையின் துணிப்பட்டையில் ஒட்டி, அதைத் தூண்டலாக வைத்தோம். முதலில் அதைக் கூடத்தின் இரும்பு அலமாரிக் கதவில்தான் ஒட்டினார்; சாதாரண ஸ்டிக்கரை உலோகத்தின் மேல் ஒட்டினால் போனால் அதைப் படிக்க முடியாது, உலோகத்துக்கென்றே செய்த வகை வேண்டும். பைக்கு மாற்றியதும் படித்தது. போனின் திரை விழித்திருக்க வேண்டும் என்பதையும், போனின் மேல்விளிம்பைத்தான் ஸ்டிக்கரின் அருகே கொண்டுபோக வேண்டும் என்பதையும் இரண்டு நாளில் கை பழகிக்கொண்டது.

அந்தத் தானியக்கம் செய்வது ஒன்றே ஒன்று: கடிகாரத்தின் முகப்பை மாற்றுகிறது. புதிய முகப்பின் நடுவில் பயிற்சிச் செயலியின் சின்னம் பெரிதாக இருக்கும்படி முன்கூட்டியே அமைத்துவைத்தோம். அவர் அதைத் தொட்டுப் பளு தூக்கும் பயிற்சியைத் தேர்ந்தெடுக்கிறார். இரண்டு தொடுதலில் பதிவு தொடங்கிவிடுகிறது. முழுத் தானியக்கம் இல்லைதான். ஆனால் மாலையில் வண்டி நிறுத்துமிடத்தில் தானியக்கம் வீணாகக் கிளம்புவது நின்றுபோனது. அது பெரிய ஆறுதல் என்கிறார்.

நடை, ஓட்டம் போன்றவற்றுக்கு இவ்வளவும் தேவைப்படாது. கடிகாரத்தின் Settings திரையில் Workout என்பதனுள் Start Workout Reminder என்பதை இயக்கிவைத்தால், நீங்கள் நடப்பதைச் சில நிமிடங்களில் கடிகாரமே உணர்ந்து, பதிவு செய்யலாமா என்று கேட்கும். ஒப்புக்கொண்டால் கேட்பதற்கு முன் நடந்த நேரத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். போன் உடன் இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும் என்பதால், நடைப்பயிற்சிக்காரர்கள் இடத் தானியக்கத்தை விட்டுவிட்டு இதை நம்பலாம். பளு தூக்குவதை மட்டும் இது உணர்வதில்லை. நண்பருக்கு இதைப் பரிந்துரைக்க முடியாமல் போனது அதனால்தான்.

அறிகுறி: பயிற்சி தொடங்குகிறது, ஆனால் அதைத் தொடர வேண்டியவை நடப்பதில்லை

பயிற்சி தொடங்கியதும் அழைப்புகள் அடங்க வேண்டும், பாட்டு ஒலிக்க வேண்டும் என்பவர்கள், இடத்தைத் தூண்டலாக வைக்காமல் Apple Watch Workout என்ற தூண்டலை வைக்க வேண்டும். பயிற்சியைத் தொடங்கியதையும் முடித்ததையும் கடிகாரமே போனுக்குச் சொல்வதால், வட்டமும் கோடும் இங்கே குறுக்கிடுவதில்லை. இது ஓடவில்லை என்றால் மூன்றை மட்டும் பாருங்கள்: எந்தப் பயிற்சி வகைக்கு என்று தேர்ந்தெடுத்தீர்களோ அதே வகையைத்தான் கடிகாரத்தில் தொடங்கினீர்களா, Starts என்பதற்குப் பதில் Ends என்பது தேர்வாகியிருக்கிறதா, போன் கடிகாரத்தின் இணைப்பு எல்லைக்குள் இருக்கிறதா. மைதானத்தில் போனைக் காரில் வைத்துவிட்டு ஓடுகிறவருக்கு மூன்றாவதுதான் காரணமாக இருக்கும்.

அடக்குவது மட்டும் போதும் என்றால் இங்கும் தானியக்கம் தேவையில்லை. Fitness என்ற ஃபோகஸில், பயிற்சி தொடங்கும்போது தானாக இயங்கும் வாய்ப்பு உள்ளமைந்தே இருக்கிறது. நண்பர் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார்; அவருடைய ஷார்ட்கட்ஸ் செயலியில் மிஞ்சியிருப்பது, ஸ்டிக்கரைத் தொட்டால் முகப்பை மாற்றும் அந்த ஒற்றைத் தானியக்கம் மட்டுமே.